மஞ்சள் பட்டையும் ரெண்டு விரற்கடையும்

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிறேன் என்று ஸ்டூல் மேல் ஏறினேன். வீட்டில் ஆள் இருக்கும்போது ஏறியிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரருக்கே மொபெட்டில் விழுந்து முட்டி வீங்கி, நொண்டிக்கொண்டிருந்த காலம் அது. அவரைக் கூப்பிட்டு ஸ்டூலைப் பிடிக்கச் சொல்ல எனக்கு ரோஷம். ஸ்டூல் ஆடியது, கையை ஊன்றி விழுந்தேன், வலது தோள்பட்டையில் 'சுருக்' என்று ஒன்று போனது. எலும்பு முறியவில்லை, தசைநார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்றார்கள். கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பொங்கல் கொண்டாடினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பீளமேட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அவர் பம்பு செட் கம்பெனி ஒன்றில் டூல் ரூம் ஃபிட்டர். காலையில் மில் சங்கு ஊதினால் எழுந்திருப்போம், சிறுவாணித் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடம் வைப்போம், சிவப்புக் காவி போட்ட வழவழப்பான தரையுள்ள வாடகை வீடு. இப்போது அந்தத் தெருவில் போனால் அந்த வீட்டின் இடத்தில் நாலு மாடி நிற்கிறது. எனக்கு மட்டும் அங்கே இன்னும் ஒரு ஜன்னலும் ஒரு கோரைப்பாயும் தெரிகின்றன.

பத்தாம் வகுப்புக் கணக்கு என்னுடையது. பதினோரு வருஷமாக என்னுடையது. கணக்கை நான் எப்போதும் கரும்பலகையின் உச்சியில்தான் ஆரம்பிப்பேன். அப்போதுதான் கடைசி பெஞ்சுக்கும் தெரியும், படிப்படியாக இறங்கி வந்து விடை கீழே முடியும். தோள் போன பிறகு கை மார்பு உயரத்துக்கு மேல் எழவில்லை. பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பி, பலகையின் கீழ்ப் பாதியில் கூனிக் குறுகி எழுதினேன். பின்னாலிருந்து ஒரு பெண், "டீச்சர், தெரிலீங்க டீச்சர்," என்றாள். அவள் மேல் தப்பில்லை. எனக்குத்தான் முகம் சிவந்துபோனது.

தலைமையாசிரியை நல்லவர், ஆனால் ரிசல்ட் என்றால் உயிர். "இந்த வருஷம் எப்படியோ ஓட்டிடலாங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்ப கை செரியாகலைன்னா, நீங்க ஆறாப்பு ஏழாப்பு எடுத்துக்கங்க. பத்தாப்ப வேற டீச்சர்கிட்ட குடுத்தர்றேன்," என்றார். ஆறாம் வகுப்பு ஒன்றும் மட்டமில்லை. ஆனால் என் பத்தாம் வகுப்பு என் கையை விட்டுப் போவது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

கை கால் பயிற்சிக்கான ரப்பர் பட்டை எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. முந்தைய நவம்பரில் போத்தனூர் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தில் மொபெட் சக்கரம் வழுக்கி அவர் விழுந்தார். முட்டியில் ஜவ்வு விலகல். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த அம்மா பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். ஒரு பெரிய ரோலிலிருந்து, பூக்காரி முழம் போடுவதுபோல அளந்து, இவருக்கு முதலில் மஞ்சள் பட்டை வெட்டிக்கொடுத்தார். ஒரு விரல் நீளத்துக்கு அகலமான மெல்லிய ரப்பர். மஞ்சள் லேசு, சிவப்பு அதைவிடக் கொஞ்சம் கனம், பச்சை இன்னும் கனம், அதற்கு மேல் நீலம். எனக்கும் பிப்ரவரி கடைசியில், கை ஓரளவு அசைய ஆரம்பித்ததும், அதே ரோலிலிருந்து மஞ்சள் கிடைத்தது.

அவர் பயிற்சி செய்வதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். பட்டையின் இரண்டு முனையையும் முடிந்து கட்டில் காலில் மாட்டி, வளையத்தை முட்டிக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பட்டை முன்னால் இழுக்க இழுக்க மெதுவாக நேராக்க வேண்டும். அது முடிந்தால், முட்டிக்கு மேலே தொடையில் ஒரு வளையம் போட்டுக்கொண்டு ஹாலில் பக்கவாட்டில் நடை. நண்டு நடை என்று பெயர் வைத்தேன். "சிரி சிரி. உனக்கும் வரும்," என்பார். வந்தது.

என் பயிற்சி ஜன்னல் கம்பியில். பட்டையை முழங்கை உயரத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டு, பக்கவாட்டில் நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு சுருட்டிய துண்டை இடுக்கிக்கொள்ள வேண்டும். துண்டு விழாமல் முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கதவு திறப்பதுபோல. திரும்பி வரும்போது பட்டை என்னை இழுத்துக்கொண்டு போகக் கூடாது, நான்தான் மெதுவாக விட வேண்டும். பிறகு ஜன்னலைப் பார்த்து நின்று, முழங்கையைப் பின்னால் இழுக்கும் பயிற்சி. பதினைந்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பதினைந்து. கடைசி இரண்டு மூன்று சிரமமாக இருக்கலாம். ஆனால் தோள் காதை நோக்கி ஏறினாலோ, உடம்பு திரும்பினாலோ, குத்தும் வலி வந்தாலோ பட்டை கனம் அதிகம் என்று அர்த்தம். அந்த அம்மா இவ்வளவையும் நிதானமாகச் சொன்னார். நான் கணக்கு டீச்சர், நிதானமாகக் கேட்டுக்கொண்டேன், நிதானமாக மறந்தேன்.

என் வீட்டுக்காரரின் வேலைமுறை வேறு. எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். கம்பெனியிலிருந்து ஒரு ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மஞ்சள், சிவப்பு, பச்சை மூன்றையும் ஆணியில் மாட்டி இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் கண்டுபிடித்ததை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். "இங்க பாரு அம்மணி. நிறத்துல மட்டும் இல்ல கனம். ஒரே மஞ்சளுதான், கொஞ்சம் இழுத்தா கொஞ்சம் கனம், இன்னும் இழுத்தா இன்னும் கனம்." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் காதில் விழுந்தது வேறு ஒரு எண். ஒரே அளவு இழுத்தால் பச்சை, மஞ்சளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. மார்ச் மாதம். பொதுத் தேர்வு நெருங்குகிறது. பத்து ஆட்கள் ஒரு வேலையை ஆறு நாளில் முடித்தால் பதினைந்து ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று பதினோரு வருஷமாகக் கற்பித்தவள் நான். மஞ்சளில் தொண்ணூறு நாள் ஆகும் வேலை, ஒன்றரை மடங்கு கனமுள்ள பச்சையில் அறுபது நாளில் முடிய வேண்டும். எதிர் விகிதம். விடை சரி. பரிசோதிக்கவும் வேண்டாம்.

அவர் அப்போது பச்சைக்கு வந்துவிட்டார். மூன்று மாதம் மஞ்சளிலும் சிவப்பிலும் கிடந்து வந்த பச்சை. அவர் வேலைக்குப் போனதும் அந்தப் பச்சையை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். சிவப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதல் நாள் பதினைந்து வரவில்லை, எட்டு வந்தது. துண்டு கீழே விழுந்தது, விழட்டும் என்று விட்டேன். உடம்பையே திருப்பித் திருப்பி இழுத்தேன். நாலாம் நாள் திரும்பி விடும்போது கை தளர்ந்து, பட்டை என் கையைச் சுண்டி இழுத்துக்கொண்டு போனது. அதே 'சுருக்'.

மறுநாள் தலை வார முடியவில்லை. ஜாக்கெட்டில் கை நுழைக்க முடியவில்லை. அவர் ஜன்னல் கம்பியில் பச்சை தொங்குவதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான்தான் கத்தினேன். "உங்களுக்கு மட்டும் பச்சை, எனக்கு மட்டும் காலத்துக்கும் மஞ்சளா?" எந்த நியாயமும் இல்லாத கேள்வி. அவர் என் தலையை வாரிவிட்டார். கோணலாக வகிடு எடுத்தார். அப்படியே பள்ளிக்குப் போனேன்.

பிசியோதெரபி அம்மா திட்டவில்லை. அதுவே மோசமாக இருந்தது. "டீச்சரே, சாருக்கு தொடை. பெரிய தசை. உங்களுக்குத் தோளுக்குள்ள சின்னச் சின்ன தசைங்களாக்கும். சாரோட பச்சை உங்களுக்கு ஆகாது," என்றார். "நீங்க கணக்குல ஆளுங்களைக் கூட்டிக்கலாம். தசை ஒவ்வொரு நாளும் இழுத்துட்டு, தூங்கி எழுந்து, அப்பறம்தான் கெட்டியாகும். அந்தத் தூக்கத்தைக் குறைக்க முடியாது." இரண்டு வாரம் பட்டையே தொடக் கூடாது, பிறகு மறுபடி மஞ்சள். ஆரம்பத்திலிருந்து.

ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்தபோது நான் பழைய ஆள் இல்லை. பயந்துபோயிருந்தேன். அது வரை பயம் என்றால் என்னவென்று தெரியாதவள்போல ஆடிக்கொண்டிருந்தவள், இப்போது மஞ்சள் பட்டையைப் பார்த்தாலே தோளை ஒடுக்கிக்கொள்வேன். பதினைந்து சுலபமாக வரும். வந்தாலும் ஜன்னலை விட்டு ஓர் அடி கூடத் தள்ளி நிற்க மாட்டேன். பிசியோதெரபி அம்மா சிவப்பை நீட்டினால், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க," என்பேன். வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல், "அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்," என்றார்கள். இந்தப் பழமொழியை இனி யாராவது சொன்னால் அந்த அம்மியையே தூக்கிப் போடுவேன் என்று அவரிடம் சொன்னேன். தூக்க ஒரு கைதானே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. கண்ணில் தெரிந்தது.

ஒன்று மட்டும் புதிதாக ஆரம்பித்தார். காலையில் காப்பி டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே கேட்பார். "ராத்திரி கை வலிச்சுதா அம்மணி?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்கறேன்ல."

தினமும். ஒரு நாள் விடாமல். சில நாள் எனக்கு எரிச்சல் தலைக்கேறும். வலித்தால் நானே சொல்ல மாட்டேனா என்று சிடுசிடுப்பேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, நான் பயிற்சிக்கு நிற்பதற்குக் கோரைப்பாயை விரித்துவிட்டுப் போவார். காவித் தரை வழுக்கும், அதனால் பாய் மேல்தான் நிற்பேன். எனக்குக் குனிந்து விரிக்கச் சிரமம் என்பதால் அது அவர் வேலை. பட்டையில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தடவுவார், முடிச்சை இழுத்துப் பார்ப்பார். பிறகு தன் நண்டு நடைக்குப் போவார். அந்தக் காலைகளை இப்போது எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். அப்போது எனக்கு அவை வெறும் காலைகள்.

மே மாதம் பிறந்தது. வெயில் கொளுத்தியது. நான் மஞ்சளிலேயே நின்றிருந்தேன். ஒரு மாதத்தில் ஒரு நிறம் கூட ஏறவில்லை. கையை உயர்த்திப் பார்க்கவும் துணியவில்லை. பொள்ளாச்சியில் என் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய், எல்லோரும் பந்தலில் ஓடியாடும்போது ஒரு மூலையில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். தேங்காய்ப் பழத்தட்டு ஒன்றை மட்டும் பெருமைக்குத் தூக்கி, அன்று ராத்திரி வலியில் புரண்டேன். திரும்பி வந்ததும் முடிவு செய்துவிட்டேன். தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினேன். ஜூனிலிருந்து எனக்கு ஆறாம், ஏழாம் வகுப்புகளே போதும். பத்தாம் வகுப்பை விட்டுக்கொடுக்கிறேன். இரண்டு வரி. அதை எழுத ஒரு வாரம் ஆனது.

அவரிடம் காட்டினேன். படித்தார், மடித்தார். "திங்கக்கெழம கொடுத்துக்கலாம்," என்றார்.

"இன்னைக்கே கொடுத்தா என்னங்க?"

"திங்கக்கெழம கொடுத்துக்கலாம் கண்ணு."

சனிக்கிழமை அவர் ஷிஃப்டுக்குப் போன பிறகு வீடு பெருக்கினேன். இடது கையால் பெருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். பாய்க்கு அடியில் மட்டும் சாயந்திரம் அவரே சுருட்டிப் பெருக்குவார், அன்று எனக்குப் பொறுமையில்லை. காலால் தள்ளினேன். அடியில், காவித் தரையில், ஏதோ கோடுகள் தெரிந்தன. கரப்பான் எச்சம் என்று நினைத்துக் குனிந்தேன்.

பென்சில் கோடுகள். ஃபிட்டர் போடும் கோடு, மயிரிழை மாதிரி, நேராக. ஜன்னல் பக்கம் ஒன்று, அதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இன்னொன்று, பிறகு இன்னொன்று, மொத்தம் ஒன்பது. எட்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி, அங்கிருந்து ஏழாவதுக்கு ஒரு அம்பு. கடைசிக் கோடு பாயின் பின்விளிம்பு இருந்த இடத்துக்கு நேராக இருந்தது.

நான் ஒன்பதாவது கோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

கணக்கு டீச்சருக்கு இதைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? வெட்கக்கேடு, கொஞ்ச நேரம் ஆயிற்று. முடிச்சு ஜன்னலில் அதே இடத்தில். பட்டை அதே நீளம். பாய் மட்டும் பின்னால், பின்னால், பின்னால். ஒரே மஞ்சளுதான், இன்னும் இழுத்தா இன்னும் கனம். ஏப்ரலில் இழுத்ததைவிட எத்தனையோ கூடுதலாக நான் இழுத்துக்கொண்டிருந்தேன், தெரியாமலே, வலிக்காமலே. தினமும் காலையில் காப்பியோடு வந்த கேள்வி விசாரிப்பு இல்லை, அளவெடுப்பு. அந்த அம்பும் புரிந்தது. பொள்ளாச்சியிலிருந்து திரும்பிய மறுநாள் "ஆமா, ராத்திரி வலிச்சுதுங்க," என்று நான் சொன்ன நாள். அன்று ஒரு படி பின்வாங்கியிருக்கிறார். அம்மி நகர்ந்ததோ இல்லையோ, பாய் நகர்ந்திருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். சாயந்திரம் அவர் மொபெட்டை நிறுத்தும் சத்தம் கேட்டதும் வாசலுக்கே போனேன்.

"ஏனுங்க, என்னய ஏமாத்திப்போட்டீங்களா?"

பாய் ஓரமாகக் கிடப்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. டிபன் பாக்ஸை வைத்தார். "அந்தம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் அம்மணி செஞ்சேன். என்ற முட்டியக் காட்டப் போனப்பக் கேட்டேன். பதினஞ்சும் தோளு ஏறாம வந்துது, மறுநாளு காத்தால வலி இல்லைன்னா, ரெண்டு வெரக்கட தள்ளலாம்னாங்க. வலிச்சா ஒரு கோடு இக்கட்ட, ஜன்னப் பக்கமாத் தள்ளிப்போடுங்கன்னாங்க. டீச்சர்கிட்டச் சொன்னா பயந்துக்குவாங்க, பொறவு சொல்லிக்கலாம்னாங்க."

"எல்லாரும் சேர்ந்து என்னய ஒரு கொழந்தைன்னு நெனச்சுட்டீங்க."

"கோவிச்சுக்கோ. ஆனா ஒண்ணு," என்றார். "நான் பாயத்தான் நகத்துனேன். இழுத்ததெல்லாம் நீதான் கண்ணு."

நான் அழுதேன். வாசலிலேயே, பக்கத்து வீட்டு அம்மா பார்க்கும்படி. அவர் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் மொபெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரை நான் அதற்கு முன் அவ்வளவு நேசித்ததாக நினைவில்லை. அந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுக்கவில்லை. பட்டைகளுக்குப் போடும் பவுடரை அதில் மடித்து வைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை சிவப்பு கட்டினேன். பாயை ஜன்னல் பக்கம் முதல் கோட்டுக்கே கொண்டுவந்து போட்டார், இந்த முறை என் கண் முன்னால். நிறம் ஏறினால் தூரம் குறைய வேண்டும், கனம் ஒரேயடியாகத் தாவக் கூடாது. பத்துத் தடவை இழுத்தேன். பத்தாவது தடவை நடுங்கியது, ஆனால் தோள் ஏறவில்லை, துண்டு விழவில்லை. நிறுத்தினேன். இன்னும் ஐந்து போடலாம் என்று கை நமைச்சல் எடுத்தது. நிறுத்தினேன். பிறகு வாரக்கணக்கில், பதினைந்து, இரண்டு தடவை பதினைந்து. சிவப்பு சுத்தமாக வந்த பிறகு, பிசியோதெரபி அம்மா மஞ்சளை மறுபடி கையில் கொடுத்து, கையை மேலே தூக்கும் பயிற்சியை ஆரம்பித்தார். பட்டையைக் காலடியில் மிதித்துக்கொண்டு, முகத்துக்கு நேராக, பிறகு தலைக்கு நேராக. புதிய திசைக்குப் பழைய மஞ்சள். அதில் எனக்கு வெட்கம் இருக்கவில்லை.

பள்ளி திறந்த நாள் மழைத்தூறல். பத்தாம் வகுப்பில் புதுச் சீருடை வாசனை. யாருக்கும் என் கதை தெரியாது, ஸ்டாஃப் ரூமுக்கு மட்டும் தெரியும். தலைமையாசிரியை வராந்தாவில் எதற்கோ நிற்பதுபோல நின்றிருந்தார். சாக்பீஸை எடுத்துப் பலகைக்கு முன்னால் நின்றேன். ஒரு நொடி முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன், பழக்கத்தில். பிறகு தூக்கினேன். மார்பு தாண்டியது. கண் தாண்டியது. பலகையின் மரச்சட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே சாக்பீஸ் முனை தொட்டது. அதற்கு மேல் போகவில்லை. போக வேண்டியதும் இல்லை.

பத்து ஆட்கள் ஒரு வேலையை ஆறு நாளில் முடித்தால், என்று எழுதினேன். திரும்பி, "கடைசி பெஞ்சு, தெரியுதா?" என்றேன்.

"தெரியுதுங்க டீச்சர்," என்றது ஒரு குரல்.

மறுநாள் காலை காப்பி வந்தது. "ராத்திரி கை வலிச்சுதா அம்மணி?"

அந்த ஒரு நாள் நான் சிடுசிடுக்கவில்லை. "இல்லீங்க," என்றேன். "பாயப் போடுங்க, நான் நிக்கறேன்."